முகத்துவாரம், பூஜ்யம் சதவீதம்

உரிமை கோர ஆளில்லாத பிரேதங்களைப் போலீசாரிடமிருந்து வாங்கி, முறைப்படி அடக்கம் செய்யும் ஒரு சின்ன அறக்கட்டளையில் தொண்ணூறுகளின் கடைசியில் மூன்று வருஷம் டைப் அடித்தேன். மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பீரோ, பீரோவின் மேல் விபூதித் தட்டு. அவ்வளவுதான் ஆபீஸ்.

எனக்குப் படிப்பு பத்தாவது. டைப்ரைட்டிங்கில் லோயர். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தி.நகரில் மாடி வகுப்பு ஒன்றில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். சர்டிபிகேட்டைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்த வாரமே இந்த வேலை வந்தது. வேலை என்னவென்று கேட்டதும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கம்ப்யூட்டர்ல செத்தவங்களுக்குத் தீட்டு எத்தன நாளு?" என்றார்.

அவர் கேலிக்குத்தான் கேட்டார். நான் தினமும் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே அப்படித் தோன்றியது.

ஆபீசில் பெரிய பதிவேடு ஒன்று உண்டு. விரித்தால் மேசை நிறையும். இடது பக்கத்தில் வரிசை எண், தேதி, போலீஸ் நிலையம், கிடைத்த இடம். வலது பக்கத்தில் உத்தேச வயது, உடுத்தியிருந்தது, அங்க அடையாளங்கள். செயலாளர் ஐயா தன் கையாலேயே நுணுக்கி நுணுக்கி எழுதுவார். அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இடது பக்கத்தை மட்டும் ஏற்றினால் போதும் என்று அவரே சொல்லியிருந்தார்.

முதல் நாள் தெரியாத்தனமாக வலது பக்கத்தைப் படித்துவிட்டேன். "இடது முன்கையில் தேள் பச்சை", "பச்சைக் கண்ணாடி வளையல் மூன்று", இப்படி. அன்று ராத்திரி கண்ணை மூடினால் வளையல் வந்தது. மறுநாளிலிருந்து பழைய தினசரிக் காலண்டரின் அட்டை ஒன்றைக் கொண்டுபோனேன். அம்மன் படம் போட்ட அட்டை. பதிவேட்டை விரித்ததும் வலது பக்கத்தின் மேல் அதை வைத்து மூடிவிடுவேன். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு "சிவ சிவ" சொல்லிக்கொண்டு இடது பக்கத்தை மட்டும் அடிப்பேன். பேர் இல்லாமல் போனவர்களுக்கு யாராவது பகவான் பேரையாவது சொல்ல வேண்டாமா? அதைப் புண்ணியமென்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியிலிருந்து ஒரு பெண் வெள்ளிக்கிழமை தோறும் வர ஆரம்பித்தாள். கொட்டிவாக்கத்தில் குடியிருப்பு. மந்தைவெளிப் பக்கம் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக் கொடுப்பாள். முப்பது வயதிருக்கும். அவள் புருஷன் சுண்ணாம்பு அடிக்கிறவர். ஆவணி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, கடலோரமாக நடந்து போனவர் திரும்பவில்லை.

"போலீசுல எழுதிக் குட்த்துட்டேன்க்கா. வந்துருவான் போ, குடிச்சிட்டு எங்கியாவது கெடப்பான்றாங்க" என்றாள் முதல் தடவை. "நான் கேக்கறது ஒண்ணுதான். இருந்தா இருக்காருன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. இந்தப் பொட்ட வெச்சிக்கறதா அழிச்சிக்கறதான்னு தெரியாம தெனம் கண்ணாடி முன்னால நிக்கறேன்."

வலது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம் என்றாள். நான் காகிதத்தில் குறித்துக்கொண்டதோடு சரி, ஐயாவிடம் சொல்லவில்லை. பதிவேட்டை எடுத்து, வழக்கம்போல அட்டையை வலது பக்கம் வைத்து, ஆவணியிலிருந்து "கிடைத்த இடம்" பத்தியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். கொட்டிவாக்கம் என்று எங்கும் இல்லை. கடற்கரை என்று இருந்த நாலு பேருடைய போட்டோ உறைகளைச் செயலாளர் ஐயா பிரித்துக் காட்டினார். அவள் நாலையும் பார்த்துவிட்டு, "இல்ல சாமி" என்றாள். போகும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு. நானும் அம்மனுக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, வாசலில் நின்றபடியே, "இன்னாக்கா?" என்பாள். நான் "இல்லம்மா" என்பேன். தலையில் வைத்திருக்கும் பூவில் ஒரு விரற்கடை கிள்ளி எனக்குக் கொடுத்துவிட்டுப் போவாள்.

தை பிறந்ததும் ஆண்டுக் கூட்டத்துக்கான வேலை வந்தது. நன்கொடையாளர்களுக்குக் கொடுக்கிற காகிதத்தில் அந்த வருஷம் படம் ஒன்று போட வேண்டும் என்று செயலாளர் ஐயாவுக்கு ஆசை.

"வட்டமா, அடை மாதிரி போட்டுத் துண்டு துண்டா நறுக்கிக் காட்டுமே, அதைப் போடு" என்றார். "எந்தெந்த எடத்துல எத்தனை பேர் கெடைச்சான்னு பார்த்தவாளுக்கு ஒரு நிமிஷத்துல புரியணும்."

எக்ஸெலில் பை சார்ட் போடுவது எனக்குத் தெரியும். பன்னிரண்டு இடங்கள். தமிழ்ப் பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தேன். பக்கத்துப் பத்தியில் எண்ணிக்கை. பார்வையாக இருக்கட்டுமே என்று பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு வரிசைப்படுத்தினேன். பெயரும் சதவீதமும் சேர்ந்து வரும்படி லேபிள் கேட்டேன். படம் வந்தது.

ஆஸ்பத்திரி பாதிக்கு மேல். பிறகு நடைபாதை, பிறகு ரயில் தண்டவாளம். இந்த மூன்றும் வட்டத்தைக் கிட்டத்தட்ட சுற்றி முடித்துவிட்டன. மிச்சம் ஒன்பது இடங்களும் உச்சிக்கு இடப்பக்கத்தில், கடிகாரத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, நெருக்கிக்கொண்டு நின்றன. துண்டுகளே தெரியவில்லை. அவற்றின் கறுப்பு ஓரக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி விசிறி மடிப்பு மாதிரி இருந்தன. அதற்கு மேலே ஒன்பது லேபிளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே கறுப்புத் திட்டு. ஒரு எழுத்தையும் படிக்க முடியவில்லை.

அமரர் வண்டி ஓட்டுகிறவர் சாவி வாங்க உள்ளே வந்தவர், திரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாக்கா இது, மேல எறும்பு மொய்ச்சினு கீது?"

"எறும்பு இல்ல. பேருங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு."

"அத்தினி பேரும் நான் தூக்கினு வந்ததுங்களா?"

"ஆமா."

"வண்டில ஏத்துறப்பக்கூட ஒருத்தர் மேல ஒருத்தரப் படுக்க வெச்சதில்லக்கா நானு" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செயலாளர் ஐயா மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இதென்ன, கும்பலா நின்னுண்டு எட்டிப் பார்க்கற மாதிரி இருக்கு. அஞ்சு பர்சென்ட்டுக்குக் கீழ இருக்கறதையெல்லாம் கூட்டி, 'மற்றவை'ன்னு ஒரே துண்டாப் போட்டுடும்மா. தீர்ந்தது."

சுலபமான வழிதான். எனக்கு மனசு ஒப்பவில்லை. பேர் ஏற்கெனவே போயிற்று. கிடைத்த இடம் ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுத்துவிட்டு மற்றவை என்று போடுவதா? "ஒரு நாள் டயம் குடுங்க, பிரிச்சுப் பாக்கறேன்" என்றேன்.

"பிரி, வேண்டாங்கலை. ஆனா எண்ணிக்கை ஒண்ணுன்னு இருக்கறதையெல்லாம் பதிவேட்டோட ஒத்துப் பாத்துடு. அடிக்கறச்சே தப்பா அடிச்சிருந்தாலும் ஒண்ணுன்னுதான் வரும்."

மறுநாள் வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு ஆபீசில் நான் மட்டும்தான். தெருவில் கீரைக்காரி போன பிறகு சத்தமே இல்லை. லேபிளுக்கும் துண்டுக்கும் நடுவே இணைப்புக் கோடு, லீடர் லைன் என்பார்கள், அதைக் காட்டச் சொல்லும் கட்டத்தில் டிக் இருந்தது. ஆனால் படத்தில் ஒரு கோடும் இல்லை. வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: லேபிளை அதன் இடத்திலிருந்து இழுத்தால்தான் கோடு வரும். முதல் க்ளிக்கில் எல்லா லேபிளும் பிடிபடும். சற்று விட்டு அதே லேபிளில் மறுபடி க்ளிக் செய்தால் அது மட்டும் பிடிபடும். பிறகு இழுக்கலாம்.

திட்டின் மேல் மவுஸை வைத்து இழுத்தேன். ஒன்று கழன்று வந்தது. பஸ் ஸ்டாண்டு. அதன் பின்னாலேயே மெல்லிய கோடு ஒன்று நீண்டு, வட்டத்தின் ஓரத்தைப் போய்த் தொட்டது. கூட்டத்தில் ஒருவரைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்து நிறுத்தின மாதிரி இருந்தது. "சிவ சிவ" என்றேன். அடுத்தது கோயில் வாசல். அடுத்தது கால்வாய். ஒருவரை நகர்த்தினால் பின்னால் இன்னொருவர் நின்றார். குளம், பாலத்தடி, கடற்கரை. ஒவ்வொன்றையும் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மேலே வரிசையாக நிறுத்தினேன்.

தியேட்டர் வாசலையும் எடுத்தபோது எட்டாவது என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன், ஏழுதான் வெளியே நின்றது. இழுத்ததை இழுத்த இடத்தில் காணோமோ என்று தேடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. கறுத்த கண்ணாடியில் என் முகமும், பின்னால் பீரோவும். நான் ஒன்றையும் சேமிக்கவில்லை. கால் மணி கழித்துக் கரண்ட் வந்து, ஃபைலைத் திறந்தபோது, வெளியே நிறுத்தியிருந்த அத்தனை பேரும் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் ஒருவர்மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் செய்கிற காரியம் இதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், விபூதி எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டுதான் மறுபடி உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் சேமித்துக்கொண்டே இழுத்தேன். ஏழு வந்துவிட்டது. கடைசியாக நின்றது பார்க் என்று நினைத்து அதையும் இழுத்தேன். கீழே இன்னும் ஏதோ மிச்சமிருந்தது. ஆனால் எழுத்தின் மேல் பகுதி தலைப்புக்கு அடியில் புதைந்திருந்தது. க்ளிக் செய்தால் தலைப்புதான் பிடிபட்டது. என்ன பெயர் என்று தெரியவில்லை. கீழே வட்டத்தின் ஓரமாக மவுஸை மெதுவாக நகர்த்தினேன். கண்ணுக்குத் துண்டே இல்லை, உச்சியில் ஒரு கறுப்புக் கோடு மட்டும். மவுஸ் அந்தக் கோட்டில் நின்றதும் ஒரு சின்ன மஞ்சள் கட்டம் தானாக விரிந்தது.

முகத்துவாரம். மதிப்பு 1. அடைப்புக்குள் பூஜ்யம் சதவீதம்.

ஒருவர் இருக்கிறார், சதவீதம் பூஜ்யம். கணக்கில் தப்பில்லை. இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர் அரை சதவீதம்கூட வரமாட்டார். தசம புள்ளி இல்லாமல் போட்டால் பூஜ்யம் என்றுதான் காட்டும். பார்க்குக்கும் தியேட்டருக்கும்கூட அப்படித்தான் காட்டியது. ஆனால் அவற்றைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தலைப்பை நகர்த்தி, அந்த லேபிளைப் பிடித்து இழுத்தேன். நீளமான பெயர். கோடு நீண்டு வந்தது. கோட்டின் கனம்கூட இல்லை அந்தத் துண்டு.

இனிமேல்தான் சேர்க்க வேண்டும். ஒன்பதையும் இப்படியே விட்டால் காகிதத்தில் பல்லி முட்டை மாதிரி எழுத்துத்தான் வரும். பஸ் ஸ்டாண்டு, பாலத்தடி, பார்க், தியேட்டர் வாசல் நாலும் பொது இடம். கடற்கரை, கால்வாய், குளம் மூன்றும் நீர்க்கரை. கோயில் வாசலை எதோடும் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. அது தனியாகவே இருக்கட்டும். முகத்துவாரமும் நீர்க்கரைதான், சந்தேகமில்லை. ஆனால் ஐயா ஒத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாரே. பதிவேட்டை எடுத்து விரித்து, அட்டையை வைத்துவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

பார்க் சரி. தியேட்டர் வாசல் சரி. ஆவணி முடிந்து புரட்டாசியில் மூன்றாம் வரி, "அடையாறு முகத்துவாரம்". அதுவும் சரி. மூடப் போனவள் ஒன்றைப் பார்த்தேன். முகத்துவாரம் என்ற சொல்லுக்குப் பிறகு முற்றுப்புள்ளி இல்லை. ஒரு கமா. இடது பக்கத்தில் இடம் போதாமல் எழுத்து நடு மடிப்பைத் தாண்டி அட்டைக்கு அடியில் போயிருந்தது.

அந்த வரியை அடித்த அன்றும் இப்படித்தான் கமாவில் நிறுத்தியிருப்பேன். அவள் வந்து கேட்ட அன்று விரலை ஓட்டியபோதும் இங்கேயேதான் நிறுத்தியிருப்பேன். அம்மன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையை ஒரு விரலால் தள்ளினேன்.

"அடையாறு முகத்துவாரம், கட்டுமரத்தில் கொண்டுவந்து சேர்த்தது. கொட்டிவாக்கத்துக்கு நேரே கடலில் மிதந்தது."

அதே வரியில் இன்னும் வலப்பக்கம், அங்க அடையாளம்: "வலது கால் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒட்டியவை."

நான் கத்தவில்லை. பதிவேட்டை மூடவும் இல்லை. வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் சுள்ளென்று அடித்தது.

வண்டிக்காரர்தான் முதலில் வந்தார். அவரிடம் கேட்டேன். "புரட்டாசியில, முகத்துவாரத்துல கட்டுமரத்துல கொண்டாந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"கீது. ஏட்டு சொன்னாரு. மீன்காரங்க பாத்துட்டு வுட மனசு இல்லாம கட்டி இஸ்துனு வந்தாங்களாம். அவங்க குப்பத்துல எறக்குனா ஆகாதுன்னு அம்மாந்தூரம் வடக்க வந்து ஆத்து வாய்ல எறக்கினு போய்ட்டாங்க. அது வேற ஸ்டேசன் ஆச்சா, இவங்களுக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியாது. ஏன்க்கா?"

"வெள்ளிக்கிழம வருவாளே ஒரு பொண்ணு..."

அவர் வெள்ளிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"நான் ஆழமாத்தான் தோண்ட சொன்னேன்க்கா. அந்த எடம் எனக்கு நல்லாத் தெரியும். கண்ணக் கட்டி வுட்டாலும் போவேன்" என்றார்.

செயலாளர் ஐயா பதிவேட்டையும் போட்டோ உறையையும் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என் கையெழுத்து நீளம்" என்றார். "நான்தான் பக்கம் தாண்டி எழுதினேன்."

"நான்தான் மூடி வெச்சேன் ஐயா."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைம்மா. வெள்ளிக்கிழமையில ஒரு சுமங்கலிகிட்டே..."

"அவ கேட்டது அத ஒண்ணுதான். மூணு மாசமா நான் இல்ல இல்லன்னு சொல்லி அனுப்பினேன். இன்னொரு வாரம் சொல்லச் சொல்றீங்களா?"



வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தாள். தலையில் கதம்பம். வாசலில் நின்றே, "இன்னாக்கா?" என்றாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். உட்கார வைத்ததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதத்தில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

அட்டை வைத்து மூடியதையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் கேட்டது, "எரிச்சீங்களா, பொதைச்சீங்களா?"

"பொதைச்சோம்மா. திருநீறு இட்டு, தேவாரம் படிச்சு, எல்லாம் முறையாத்தான்" என்றார் ஐயா.

"என்னிக்கு?"

அவர் தேதி சொன்னார். அவள் விரல்விட்டு எண்ணினாள். "அன்னிக்குத்தான் எம் பொண்ணுக்குப் பொறந்த நாளு. பாயசம் வெச்சேன். அவருக்கு ஒரு கிளாசு எடுத்து வெச்சிருந்தேன்."

போட்டோவில் முகத்தைக் காட்ட வேண்டாம், காலை மட்டும் காட்டு என்றாள். ஐயா மேல்பாதியைக் கையால் மறைத்துப் பிடித்தார். பார்த்தாள், தலையாட்டினாள். அப்புறம் திரையில் என் படம் இருந்ததைக் கவனித்தாள். அது நான் எல்லா லேபிளையும் பிரித்து நிறுத்தியிருந்த பழைய படம்.

"இதுல அவரு எங்கக்கா?"

மேலே அந்தப் பெயரைக் காட்டினேன். அவள் விரலை வைத்தாள். கண்ணாடியில் மின்பொறி சின்னதாகத் தட்டியது, விரலை எடுக்கவில்லை. பெயரிலிருந்து கோட்டின் வழியாக விரலை மெதுவாகக் கீழே கொண்டுவந்தாள். கோடு முடிந்த இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க ஒண்ணும் இல்லியே."

"இருக்கும்மா. ரொம்ப சன்னம். கண்ணுக்குத் தெரியாது."

"பக்கத்துல இன்னா போட்டுக்கீது?"

நான் திரையை என் பக்கம் திருப்பப் போனேன். "எண்ணு தெரியும்க்கா எனக்கு" என்றாள். "முட்ட போட்டுக்கீது."

தசமத்தைப் பற்றி அவளுக்கு விளக்கவா?

பொட்டை இங்கே வைத்து அழிக்க மாட்டேன், வீட்டில் போய் உறவுக்காரர்கள் முன்னால்தான் என்றாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவளோடு பஸ் ஏறினேன். அடையாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது இடப்பக்க ஜன்னல் வழியாக ஆறு விரிந்து கடலோடு கலக்கிற இடம் தெரிந்தது. மத்தியான வெயிலில் தண்ணீர் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது.

"தெனம் ரெண்டு தபா இந்தப் பாலத்துல போறேன்" என்றாள். "ஒரு தபா கூட எனக்கு ஒண்ணும் தோணல பாருக்கா. தூங்கினே போயிருக்கேன்."

கொட்டிவாக்கத்தில் அவள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. அவளுடைய நாத்தனாரிடமும் பெண்ணிடமும் நானே சொன்னேன். சொல்ல வேண்டியவள் நான்தான்.

திங்கட்கிழமை ஐயா மெதுவாகக் கேட்டார். "இப்போ உரிமைப்பட்டவா வந்தாச்சே. அநாதைங்கற கணக்குல அவரை வெச்சிருக்கப்படாதில்லையா?"

சரிதான். புதிய படத்தில் இப்போது ஆறே துண்டுகள்: ஆஸ்பத்திரி, நடைபாதை, தண்டவாளம், நீர்க்கரை, பொது இடம், கோயில் வாசல். கடைசி மூன்றின் லேபிள்களை வெளியே இழுத்து, கோடு போட்டு நிறுத்தியிருந்தேன். ஒன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை, தூரத்திலிருந்தே படிக்கலாம். நீர்க்கரையில் பத்துப் பேர் இருந்தார்கள். முகத்துவாரத்துக்கு எதிரே ஒன்று என்றிருந்த கட்டத்தில் பூஜ்யம் அடித்தேன். பத்து ஒன்பது ஆயிற்று.

ஆண்டுக் கூட்டத்தில் படம் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்களாம். அந்தக் காகிதங்களில் ஒரு செட்டு எனக்கும் கொடுத்தார்கள்.

ஆனால் அன்று, பூஜ்யம் அடித்த கையோடு, பழைய படத்தையும் திறந்து பார்த்தேன். துண்டு போயிருந்தது. மவுஸை எப்படி நகர்த்தியும் மஞ்சள் கட்டம் வரவில்லை. லேபிள் மட்டும் நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது. முகத்துவாரம், பூஜ்யம் சதவீதம். அவர் இருந்தபோதும் அதைத்தான் சொன்னது, இல்லாதபோதும் அதையே சொன்னது. அதிலிருந்து கோடு கீழே இறங்கி, ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்றது.

அந்த லேபிளை அழிக்க ஒரு நிமிஷம் போதும். எனக்குக் கை போகவில்லை. அவள் வீட்டில் நாள் குறித்து, அடக்கம் செய்த இடத்தில் பால் தெளித்து, கருமாதி முடித்தார்கள். வண்டிக்காரர்தான் இடம் காட்டினார். எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள், போயிருந்தேன். மறுநாள் காலையில் ஆபீஸ் திறந்ததும் அந்த ஃபைலை எடுத்தேன். லேபிளில் ஒரு க்ளிக், சற்று விட்டு இன்னொரு க்ளிக். அது மட்டும் பிடிபட்டது. "சிவ சிவ" என்று சொல்லி, டெலீட் அழுத்தினேன். பெயரும் கோடும் சேர்ந்தே போயின.

அப்போதிருந்து பதிவேட்டின் இரண்டு பக்கத்தையும் படித்தேன். ராத்திரி வளையல் வந்தது, பச்சைத் தேள் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.